ஷெட்யூலில் இருக்கும் அந்த இரண்டு வரிகள்

கேள்வி: கடை வாசல் கண்ணாடியும் மேலே இருந்த லைட் போர்டும் உடைந்துவிட்டன. ஷாப் பேக்கேஜ் பாலிசி இருக்கிறது. பணம் வருமா?

நீங்கள் வாடகைக் கடையில் இருக்கிறீர்கள், கடன் வாங்கும்போது வங்கியே போட்டுக் கொடுத்த பாலிசி அது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் மாதிரிக் கடைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் நிலை அதுதான். முதலில் பாலிசிக் காகிதத்தை எடுத்து, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு தொகை என்று போட்டிருக்கும் ஷெட்யூல் பக்கத்தைப் பாருங்கள். பேக்கேஜ் என்று பெயர் இருந்தாலும் அது ஒரே பாலிசி இல்லை. தீ விபத்து, திருட்டு, பணம், கண்ணாடி, நியான் போர்டு என்று தனித்தனிப் பிரிவுகளை ஒன்றாகக் கட்டியது. கண்ணாடி உடைவதற்கு ஒரு பிரிவு, நியான் அல்லது குளோ சைன் போர்டுக்கு ஒரு பிரிவு. அந்த இரண்டு வரிகளுக்கு எதிரே ஒரு தொகை இருக்க வேண்டும். வெறும் கோடோ 'இல்லை' என்றோ இருந்தால் அந்தப் பிரிவை நீங்கள் வாங்கவே இல்லை என்று அர்த்தம். பிரிவின் பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நானும் ஏமாந்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்குச் சென்னையில் ஒரு ரெடிமேட் துணிக்கடை இருக்கிறது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் வந்த நாள். மதியம் காற்று ஏற ஏற, மேலே இருந்த போர்டு முதலில் ஒரு பக்கம் மட்டும் கழன்று ஆடியது. ஏசிபி என்கிற அலுமினிய ஷீட்டில் எல்இடி எழுத்து வைத்த போர்டு, பன்னிரண்டு அடி நீளம். கடைசியில் மொத்தமாகக் கீழே வந்து, வலப்பக்கக் கண்ணாடியில் மோதியது. பன்னிரண்டு மில்லிமீட்டர் டஃபன் கிளாஸ் அது. அந்த வகைக் கண்ணாடியில் விரிசல் விட்டு நிற்பது என்பது கிடையாது. ஓர் இடத்தில் உடைந்தால் முழுப் பலகையும் சோள மணி மாதிரி பொடிந்து கொட்டிவிடும். அதற்குப் பிறகு மழை நேராகக் கடைக்குள் அடித்தது. ரேக்கில் இருந்த சரக்கை நானும் கடைப் பையன்கள் இருவரும் பின்பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தோம், இருந்தும் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது.

நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நனைந்த துணியை எல்லாம் எண்ணி முடித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி: "கண்ணாடி யாருடையது சார், உங்களுடையதா, கட்டட ஓனருடையதா?" அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. வாசலில் பதித்த கண்ணாடி கட்டடத்தோடு சேர்ந்ததாகத்தான் முதலில் கருதப்படும். கட்டடத்துக்கு நான் பாலிசி எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது, அது என்னுடையது இல்லையே. பாலிசியில் இருந்தது இரண்டே இரண்டு தொகைகள்: சரக்கு, அப்புறம் மரச்சாமான் மற்றும் பொருத்துமானங்கள். 2013-ல் கடை எடுத்தபோது அந்தக் கண்ணாடியை என் செலவில் போட்டேன். கண்ணாடிக்காரர் என் கடைப் பெயரில் கொடுத்த பில் ஒன்று ஃபைலில் இருந்தது. அந்த ஒரு பில்லை வைத்துத்தான் கண்ணாடியை என் பொருத்துமானத்தில் சேர்த்துக்கொண்டார். பில் இல்லாமல் போயிருந்தால் அதுவும் போயிருக்கும்.

கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். புதுக் கண்ணாடிக்கு 20,000 ரூபாய். மூன்று வருடம் பழசு என்று தேய்மானம் கழித்து 16,000. கடையின் ரேக், கவுன்ட்டர், கண்ணாடி எல்லாம் சேர்த்து மதிப்பு 4 லட்சம் வரும் என்று சர்வேயர் கணக்கிட்டார். பாலிசியில் நான் போட்டிருந்தது 2 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான், அதாவது 8,000. இதைத்தான் ஆவரேஜ் என்கிறார்கள். சரக்கை மட்டும் வங்கி கேட்டதால் முழு மதிப்புக்குப் போட்டிருந்தோம், அதற்கு 62,000 முழுதாக வந்தது. இரண்டும் சேர்ந்த 70,000-ல் புயல் நஷ்டத்துக்கு நாம் தாங்க வேண்டிய தொகை என்று என் பாலிசியில் இருந்த 10,000-ஐக் கழித்து 60,000 கொடுத்தார்கள்.

போர்டுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. 38,000 ரூபாய் போர்டு. நியான் சைன் பிரிவுக்கு எதிரே தொகை இல்லை, பொருத்துமானத்துக்கான விவரத்திலும் போர்டு இல்லை, அவ்வளவுதான். எழுதித் தந்த பதில் இரண்டே வரி.

'கையெழுத்துப் போடும் முன் படித்திருக்க வேண்டும்' என்று சிலர் எழுதுவார்கள். சரி, படித்திருக்க வேண்டும். ஆனால் கடன் பத்திரங்களோடு சேர்த்துப் பாலிசி விண்ணப்பத்திலும் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். சரக்குக்கு எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கடனுக்கு ஈடான சரக்கு பத்திரமாக இருப்பது. என் போர்டைப் பற்றி அவர்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வங்கி போட்டுத் தரும் பாலிசியில் இந்த இரண்டு பிரிவும் காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

கட்டட ஓனர் செய்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புயலுக்கு மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி நீங்க போட்டதுதானே தம்பி" என்று போய்விட்டார். ரூபாய் நோட்டுச் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை, ஏடிஎம் வாசலில் நின்று இரண்டாயிரம் இரண்டாயிரமாகச் சேர்த்தேன். நாலு மாதம் கழித்து அதே ஓனர், கடை முகப்பு புதுசாக ஆகிவிட்டது, இந்த வீதியில் இப்போது இதுதான் ரேட் என்று வாடகையை ஏற்றினார். நான் போட்ட கண்ணாடிக்கு நானே கூடுதல் வாடகை கொடுத்தேன். இத்தனை வருடம் ஆகியும் அது ஆறவில்லை.

அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது ஏஜென்டை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். கண்ணாடிப் பிரிவில் வாசலில் உள்ள மூன்று பலகைகளையும் தனித்தனியே எழுதச் சொன்னேன்: நிலையான இரண்டு, கதவு ஒன்று, நீளம் அகலம் கனத்தோடு. கதவை விட்டுவிடுவார்கள், கவனியுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பெயர் எழுத்தும் சுற்றியுள்ள பிரேமும் தனியாகக் குறிப்பிட்டால்தான் சேரும், இல்லாவிட்டால் கண்ணாடிக்கு மட்டும்தான் பணம். போர்டுக்கு வாங்கிய பில்லை வைத்து, 'எல்இடி எழுத்துள்ள ஏசிபி போர்டு' என்று அது என்னவோ அப்படியே எழுதச் சொன்னேன். பிரிவின் பெயர் நியான் என்று இருக்கிறது, இப்போது நியான் குழாய் யார் போடுகிறார்கள்? பின்னால் வாதம் வரக்கூடாது என்றுதான் அப்படி. இரண்டு பிரிவுக்கும் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை.

2019-ல் லோடு இறக்க வந்தவர் இரும்பு ஸ்டாண்டைத் திருப்பும்போது கதவுக் கண்ணாடியின் மூலையில் இடித்துவிட்டார். டஃபன் கிளாஸுக்கு நடுவில் அடி விழுந்தால்கூடத் தாங்கும், மூலையும் விளிம்பும்தான் அதன் உயிர்நிலை. கதவு முழுதும் கொட்டிவிட்டது. இந்த முறை கண்ணாடிப் பிரிவில் கேட்டேன். போட்டோ, புதுக் கண்ணாடிக்கான கொட்டேஷன், நடந்ததை எழுதிய ஒரு கடிதம், அவ்வளவுதான் கேட்டார்கள். தற்செயலாக உடைந்தது என்பதால் போலீஸ் காகிதம் கேட்கவில்லை. யாராவது கல் எறிந்து உடைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் மூன்று வாரத்தில் வந்தது.

இங்கே ஒரு விஷயம் குழப்பும். என் பாலிசியில், புயலிலோ கலவரத்திலோ உடைந்த கண்ணாடி கண்ணாடிப் பிரிவில் வராது, தீ விபத்துப் பிரிவில்தான் வரும். பெயர் தீ விபத்து என்றாலும் புயல், வெள்ளம், கலவரம் அதற்குள்தான் இருக்கின்றன. அதனால் வாடகைக் கடைக்காரர் கண்ணாடியைக் கண்ணாடிப் பிரிவிலும் எழுத வேண்டும், பொருத்துமான மதிப்பிலும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் செய்தால் ஒரு பக்கம் ஓட்டை. போர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, நியான் பிரிவிலேயே புயலும் வருகிறது.

ஆனால் போர்டுக்கு வேறு ஒரு எல்லை உண்டு. விளக்கு எரியாமல் போனால் கிடைக்காது. போன வருடம் கரண்ட் ஏறி இறங்கியதில் என் போர்டில் பாதி எழுத்துகள் அணைந்துவிட்டன. உள்ளே எழுத்துகளுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்தால் கருகிய வாசனை, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இப்படி மின் கோளாறால் எரிந்துபோவதை விலக்குகளில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், அதனால் கேட்கவே இல்லை. போர்டைக் கழற்றும்போது, மாட்டும்போது, துடைக்கும்போது உடைவதும் அப்படித்தான். கண்ணாடியிலும் கீறலுக்கோ மேலோட்டமான சில்லுக்கோ தர மாட்டார்கள், முழுக் கனத்துக்கும் உடைந்திருக்க வேண்டும். நான் சொல்வது என் பாலிசி வாசகம். உங்கள் கம்பெனி வாசகம் கொஞ்சம் மாறலாம், விலக்குகள் பக்கத்தைப் பாருங்கள். நான் ஏஜென்ட் இல்லை, வக்கீலும் இல்லை.

தொகை ஷெட்யூலில் இருந்தும் மறுத்தால் விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். தனி ஆளாக நடத்தும் கடையின் பாலிசிக்கும் அங்கே இடம் உண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

நீங்கள் எப்படி உடைந்தது என்று எழுதவில்லை. காற்றா, ஆளா, கரண்டா என்று சொன்னால் எந்தப் பிரிவு என்று சொல்ல முடியும். சில்லுகளை இன்னும் கூட்டித் தள்ளவில்லை என்றால் அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, ஒரு பை நிறைய எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு இன்றைக்கே ஃபோன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். அதுவரை வாசலில் பிளைவுட் அடித்தால் அந்தப் பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள், சில பாலிசிகளில் அந்தச் செலவையும் தருகிறார்கள்.