தைத்த சட்டையும் வெட்டாத துணியும்

வணக்கம்.

பதினோரு வருடமாகச் சரக்குக் கிடங்கு வேலையில் இருக்கிறேன், இப்போது மேற்பார்வையாளர். நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வேலையில் செய்ததையெல்லாம் ஒரே கோப்பில் எழுத ஆரம்பித்தேன். மூன்று வருடமாகச் சேர்த்து இப்போது ஒன்பது பக்கம் இருக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது இரண்டு ராத்திரி போய்விட்டது. கோப்பே இல்லாத காலத்திலும் இதே இரண்டு ராத்திரிதான். நான் என்ன தப்பு செய்கிறேன்? முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எழுதுவது போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அனுப்பிய பக்கத்தின் முதல் வரி இது: "சரக்கு இருப்பின் துல்லியத்தைக் கணிசமாக மேம்படுத்தினேன்." அதற்குக் கீழே இன்னும் பதினான்கு வரிகள். எல்லாம் மேம்படுத்தினேன், குறைத்தேன், வழிநடத்தினேன் என்று முடிகின்றன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே ரெஸ்யூமே வரி. ஏதோ ஒரு வேலைக்காக எப்போதோ தைத்த சட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். புது அளவு வரும்போது பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இரண்டு ராத்திரி. மூலக்கோப்பில் இருக்க வேண்டியது வெட்டாத துணி. அதாவது என்ன நடந்தது என்ற விவரம், அழகுபடுத்தாமல்.

அந்த முதல் வரியைப் பற்றி உங்களிடம் தனி மடலில் ஏழெட்டுக் கேள்வி கேட்டிருந்தேன். பதிலை வெளியிடலாம் என்று நீங்கள் சொன்னதால் அதைக் கொஞ்சம் கோத்து இங்கே தருகிறேன். ஆண்டுகளை மட்டும் எடுத்துவிட்டேன். உங்கள் கோப்பில் அவை கட்டாயம் இருக்கட்டும்.

"கிடங்கில் சுமார் 4,200 வகைப் பொருள். வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மூடிவைத்து எல்லாவற்றையும் எண்ணுவோம். அந்த மார்ச்சில் எண்ணியபோது நூற்றுக்கு ஆறு வகையில் கணினிக் கணக்கும் அலமாரியில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணலாம் என்று சொன்னது மேலாளர். எதை எப்போது எண்ணுவது என்ற அட்டவணை நான் போட்டது. வேகமாக நகரும் 400 வகையை மாதம் ஒருமுறை, நடுத்தரமான 1,000 வகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மீதி 2,800 வகையை வருடத்துக்கு ஒருமுறை. மொத்தம் வருடத்துக்கு 11,600 எண்ணிக்கை, 290 வேலை நாளில் நாளுக்கு 40. இரண்டு பேருக்குக் காலையில் ஒரு மணி நேர வேலை. ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் இரண்டு மாதம் எண்ணியவரே கணினியில் கணக்கையும் திருத்தினார், அதனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அப்புறம் எண்ணுபவர் வேறு, திருத்துபவர் வேறு என்று மாற்றினேன். அடுத்த மார்ச்சில் தணிக்கையாளர் 300 வகையை எடுத்துப் பார்த்தார், 6 ஒத்துப்போகவில்லை. அந்த வருடம் முதல் கிடங்கை மூடுவதில்லை."

மூலக்கோப்பில் ஒரு பதிவு என்றால் இதுதான். அரைப் பக்கம் வரும், வரட்டும். இதை நீங்கள் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

இதிலிருந்து எத்தனை வரி வெட்டலாம் என்று பாருங்கள். கிடங்கு மேலாளர் வேலை என்றால்: "4,200 வகைப் பொருள் உள்ள கிடங்கில் தினசரி எண்ணிக்கை முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன், ஆண்டுதோறும் மூன்று நாள் மூடும் தேவை நீங்கியது." உள் தணிக்கை சார்ந்த வேலை என்றால்: "எண்ணும் பொறுப்பையும் கணக்கைத் திருத்தும் பொறுப்பையும் பிரித்து, இருப்பு வித்தியாசத்தின் காரணத்தைக் கண்டறிய வழிசெய்தேன்." பணியாளர் பயிற்சி என்றால் அந்த ஐந்து பேரும் முன்னால் வருவார்கள். மூன்றும் உண்மை, மூன்றும் ஒரே பதிவு. "கணிசமாக மேம்படுத்தினேன்" என்பதிலிருந்து இவற்றில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது.

இந்தப் பதிவில் என் கண் போய் நின்ற இடம், அந்த முதல் இரண்டு மாதச் சொதப்பல். நான் கேட்ட பிறகுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். ரெஸ்யூமேயில் அதற்கு இடமில்லைதான். ஆனால் நேர்முகத் தேர்வில் "எது சரியாக வரவில்லை, என்ன செய்தீர்கள்" என்று கேட்பார்கள். அதற்கு வேறு பதில் தேடவே வேண்டாம்.

"யோசனை மேலாளருடையது, அட்டவணை என்னுடையது" என்பதும் அப்படியே கிடக்கட்டும். இரண்டு வருடம் போனால் எல்லாமே நாமே யோசித்ததுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். அந்த மேலாளரிடமே உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்பின் வேகமும் நம்பகமும் இங்கேதான் கெடுகின்றன. நூற்றுக்கு ஆறு, நூற்றுக்கு இரண்டானது. இதையே "தவறு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது" என்று சொல்லலாம். "துல்லியம் 94 சதவீதத்திலிருந்து 98 ஆனது" என்றும் சொல்லலாம். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பது விண்ணப்பிக்கும்போது தீர்மானிக்க வேண்டியது. கோப்பில் "67 சதவீதம் குறைத்தேன்" என்று மட்டும் எழுதி வைத்தால் பின்னால் யாராவது "எவ்வளவிலிருந்து?" என்று கேட்கும்போது விழிக்க வேண்டியதுதான். மூல எண்கள் இரண்டையும் வையுங்கள், எதில் எத்தனை என்ற மொத்தத்தையும் சேர்த்து. இன்னொன்று, உங்கள் கணக்கில் முதல் எண் முழுக் கிடங்கையும் எண்ணியது, இரண்டாவது 300 வகை மாதிரி. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. அதனால் தப்பு எதுவும் இல்லை, ஆனால் எப்படி அளந்தது என்று பக்கத்தில் நான்கு சொல் எழுதி வையுங்கள். தணிக்கைத் துறையில் ஒருவர் உங்களை நேர்முகம் கண்டால் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

சரி, வருடத்துக்கு ஒருமுறை போதுமா? பதிவை எழுத, போதும். எண்ணைப் பிடிக்க, போதாது. முடிவு எண் எப்படியும் கிடைத்துவிடும், தொலைந்துபோவது ஆரம்ப எண். ஒரு முறை சரியானதும் பழைய நிலை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பல அறிக்கைகளும் கடைசி 12 மாதத்தை மட்டும் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். அதனால் எந்தப் புது வேலையைக் கையில் எடுத்தாலும் தொடங்கும் நாளிலேயே கோப்பின் கடைசியில் ஒரு வரி போடுங்கள்: இன்றைய தேதி, இன்றைய எண், அது எங்கிருந்து கிடைத்தது. இரண்டு நிமிடம். வருடத்தில் இப்படி நான்கைந்து வரிதான் சேரும். ஆரம்ப எண்ணே இல்லாத பழைய வேலைகளுக்கு "சுமார்" என்று எழுதுங்கள், அதுவும் தெரியாவிட்டால் எண் இல்லாமலே எழுதுங்கள்.

வருடாந்திர வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அலுவலகத்தில் மதிப்பீட்டுப் படிவம் கொடுக்கும் வாரம் தோதானது, எப்படியும் ஞாபகப்படுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். ஞாபகத்தை மட்டும் நம்பினால் கடைசி மூன்று மாதம்தான் வரும். நாள்காட்டியை மாதம் மாதமாகப் புரட்டுங்கள். அப்புறம் அனுப்பிய மடல்களைப் பாருங்கள், வந்த மடல்களை அல்ல. நாம் என்ன செய்தோம் என்பது நாம் அனுப்பியதில்தான் இருக்கும்.

கோப்பு உங்கள் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும். நான் இதை ஒருமுறை அலுவலக மடிக்கணினியில் வைத்திருந்தேன். ராஜினாமா செய்த அன்று மாலையே கணக்கை மூடிவிட்டார்கள், ஐந்து வருடக் குறிப்பு போயிற்று. ஆனால் சொந்தக் கணக்கு என்பதற்காக அலுவலக அறிக்கைகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள். வாடிக்கையாளர் பெயர், விலை, ஒப்பந்த விவரம் எதுவும் வேண்டாம். உங்கள் வேலையைச் சொல்ல விகிதங்கள் போதும்.

இனி விண்ணப்பிக்கும் ராத்திரி. ஒன்பது பக்கத்தையும் படிப்பதால்தான் நேரம் போகிறது. ஒவ்வொரு பதிவின் தலையிலும் இரண்டு மூன்று அடையாளச் சொல் போடுங்கள்: கட்டுப்பாடு, பயிற்சி, செலவு, பாதுகாப்பு, ஆள் நிர்வாகம், இப்படி. மொத்தமாகவே எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம். பதிவுக்கு ஒரு புதுச் சொல் என்று போனால் தேடவே முடியாது. வேலை விளம்பரத்தை எடுத்து அவர்கள் உண்மையில் கேட்பது என்ன என்று கோடிடுங்கள். பெரும்பாலும் நான்கைந்துதான் தேறும், மற்றதெல்லாம் எல்லா விளம்பரத்திலும் வரும் அலங்காரம். அந்த நான்கைந்துக்கும் பொருந்தும் அடையாளச் சொல்லைக் கோப்பில் தேடினால் ஆறேழு பதிவு கிடைக்கும். அவற்றைப் புதுக் கோப்பில் ஒட்டி, அங்கே வைத்து வெட்டுங்கள். மூலக்கோப்பில் கை வைக்கவே கூடாது. இந்த வேலைக்கு வேண்டாம் என்று நீக்கிய விவரம் அடுத்த வேலைக்கு முதல் வரியாக வரலாம். விளம்பரத்தில் "இருப்புக் கட்டுப்பாடு" என்று இருந்தால், அது நீங்கள் செய்ததற்குப் பொருந்தும்வரை, உங்கள் வரியிலும் அதே சொல் இருக்கட்டும். நீங்கள் "ஸ்டாக் டேலி" என்று எழுதினால் முதலில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று என்று தெரியாமல் போகலாம்.

அனுப்பியதும் அந்த ரெஸ்யூமேயையும் விளம்பரத்தின் முழு வாசகத்தையும் ஒரே இடத்தில் சேமித்துவிடுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவது சகஜம். ஆறு வாரம் கழித்து அழைப்பு வரும்போது என்ன கேட்டார்கள், நாம் என்ன சொன்னோம் என்று கையில் எதுவும் இருக்காது.

உங்கள் மீதிப் பதினான்கு வரிக்கும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பதினோராவது வரி, "பாதுகாப்பு நடைமுறைகளை வழிநடத்தினேன்." எந்த நடைமுறை என்று மடலில் கேட்டேன், ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.