ஓடிபி சொல்றத முதல்ல நிறுத்துங்க

கேள்வி: சின்னதா ஒரு பிசினஸ் பண்றேன். மச்சினனோட ஃப்ரெண்ட்தான் அக்கவுண்டன்ட். நாலு வருஷமா பேங்க், டேக்ஸ் போர்ட்டல் ரெண்டு பாஸ்வேர்டும் அவர்கிட்டதான் இருக்கு, ஓடிபி வந்தா நம்பரை போன்ல சொல்லிட்டு என் வேலைய பாப்பேன். கணக்குல 9 லட்சம் கிட்ட இருக்கும், அதுக்கு மேல பேங்க் எடுக்க விடற ஓவர்டிராஃப்ட் லிமிட் 6 லட்சம். இப்ப அவர் ஆபீஸ்ல புதுசா ரெண்டு பசங்க சேர்ந்திருக்காங்க, அவங்களும் என் லாகின்லதான் போறாங்கன்னு தெரிஞ்சு பயமா இருக்கு. மாத்தலாம்னா வீட்ல "அவரையே சந்தேகப்படுறீங்களா"ன்னு கேக்குறாங்க.

பதில்: அவர் நல்லவரா இல்லையாங்கற பேச்சுக்கே நான் வரல. உங்க லெட்டர்ல என்னை உறுத்துறது அந்த ஓடிபிதான். பாஸ்வேர்ட் வெளிய போனாலும் ஓடிபின்னு ஒரு பூட்டு மிச்சம் இருக்கும், அதையும் நீங்களே தொறந்து விட்டுட்டு இருக்கீங்க. அந்த மெசேஜ்ல எதுக்கு வந்த ஓடிபின்னு எழுதியிருக்கும், உள்ள நுழையறதுக்கா இல்ல பணம் அனுப்ப புது ஆள் சேர்க்கறதுக்கான்னு, நீங்க நம்பரை மட்டும் வாசிச்சிட்டு வச்சிடுறீங்க.

தோராயமா கணக்கு போடுங்க. 9ம் 6ம் 15 லட்சம், அத்தனையும் இப்ப அந்த லாகின் பின்னாடி இருக்கு. தினசரி லிமிட் இருக்கேன்னு சொல்லாதீங்க, ஓனர் லாகின்ல போனா பல பேங்க்ல அந்த லிமிட்டையே கூட்டலாம், அதுக்கும் ஒரு ஓடிபிதான். ஏதாவது ஆனா பேங்க் ரெக்கார்டுல எல்லாம் நீங்க பண்ணதாத்தான் இருக்கும், பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நீங்களே குடுத்தீங்கன்னா பணத்தை திரும்பக் கேக்கறதும் ரொம்ப கஷ்டம். வீட்ல இதை சொல்லுங்க: நாளைக்கு 50,000 காணாமப் போனா முதல்ல எல்லாரும் பாக்கப் போறது அந்த அக்கவுண்டன்டைத்தான், அவர் கை வைக்கலன்னு காட்ட அவர்கிட்டயும் ஒண்ணும் இருக்காது. தனி லாகின் இருந்தா யார் எப்ப என்ன பண்ணாங்கன்னு பேர் போட்டு பதிவாகும், அது அவருக்கும் பாதுகாப்பு.

பிசினஸ் நெட் பேங்கிங்ல யூசர் சேர்க்கற இடம் இருக்கும். பார்க்க மட்டும் ஒரு ரோல், பேமென்ட் தயார் பண்ண ஒரு ரோல், அதை அப்ரூவ் பண்ண ஒரு ரோல். அக்கவுண்டன்டுக்கு முதல் ரெண்டு போதும், அப்ரூவல் உங்க போன்லதான் இருக்கணும். அட்மின்னு ஒண்ணு கேட்டா குடுத்துடாதீங்க, அட்மினா இருக்கறவர் இன்னொரு யூசரை உருவாக்கி அவருக்கே அப்ரூவலும் குடுக்கலாம், அப்புறம் இதெல்லாம் பண்ணதுக்கே அர்த்தமில்ல. மாசக் கடைசில அவர் 12 பேமென்ட் தயார் பண்ணி வச்சா மொத்தத் தொகையப் பாருங்க, புதுப் பேரு, மாறின அக்கவுண்ட் நம்பர் இருக்கான்னு பாருங்க, மாறியிருந்தா சப்ளையரோட பழைய நம்பருக்கே கூப்பிட்டு கேட்டுட்டு ஓகே பண்ணுங்க. வாரத்துக்கு 10 நிமிஷம் ஆகுமா, ஓடிபி சொல்ற கால்களுக்கே அவ்ளோ போயிட்டு இருக்கும். உங்க அக்கவுண்ட்ல தனி யூசர் வசதியே இல்லன்னா மாசாமாசம் ஸ்டேட்மென்ட்டை நீங்களே டவுன்லோட் பண்ணி அனுப்புங்க, பேமென்ட்டும் நீங்களே போடுங்க.

டேக்ஸ் போர்ட்டல்ல அவரை உங்க பிரதிநிதியா சேர்க்க முடியுமான்னு பாருங்க, முடிஞ்சா அவரோட ஐடிலயே வந்து உங்க வேலைய பாப்பார். ஆனா அதுக்கு முன்னாடி உங்க ப்ரொஃபைலைத் தொறந்து மொபைலும் ஈமெயிலும் யாரோடதுன்னு பாருங்க. ரிஜிஸ்டர் பண்ண அன்னைக்கு அவசரத்துல அக்கவுண்டன்ட் தன்னோடதையே போட்டிருப்பார், நோட்டீஸ் எல்லாம் அவருக்குப் போயிட்டு இருக்கும், நான் இதை நிறைய தடவை பாத்திருக்கேன். ரீஃபண்ட் வர்ற அக்கவுண்ட் நம்பரையும் சேர்த்து பாருங்க.

பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்திடாதீங்க, ரிட்டர்ன் டேட் நேரத்துல அவர் வேலை நின்னுடும். முதல்ல புது யூசர், அவர் உள்ள வந்து ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாக்கட்டும், அப்புறம் உங்க பாஸ்வேர்ட். அதோட எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் குடுங்க, இணைச்சிருக்கற ஆப்களை எடுத்துடுங்க, பாஸ்வேர்ட் மாத்தினா மட்டும் இதெல்லாம் துண்டிக்காமலே இருக்கலாம். உங்க டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் அவர் டிராயர்ல கிடந்தா வாங்கிட்டு வாங்க. கடைசியா அவரையே பக்கத்துல உக்கார வச்சு, அவர் லாகின்லருந்து ஒரு புது அக்கவுண்டுக்கு சின்னத் தொகை அனுப்பச் சொல்லுங்க, உங்க அப்ரூவலுக்காக அங்கேயே நிக்கணும், நிக்காம போயிட்டா ரோல் தப்பு.

பாஸ்வேர்டைக் காட்டாமலே ஷேர் பண்ணலாம்னு யாராவது ஆப் வித்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, பேங்க்குக்கு அப்பவும் உள்ள வர்றது நீங்கதான்.

அந்தப் புதுப் பசங்களுக்கு ஆளுக்கு ஒரு யூசர், பார்க்க மட்டும். ஒருத்தர் வேலைய விட்டுப் போனா அவர் யூசரை மட்டும் டிசேபிள் பண்ணுங்க, மத்தவங்க வேலை ஓடிட்டே இருக்கும்.