அபார்ட்மெண்ட் பொதுக்குழு: அறிவிப்பில் தீர்மானத்தை எப்படி எழுதுவது?

“காரைக்குடியில் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன். பொதுக்குழுக் கூட்டத்துக்கு அறிவிப்பும் அஜெண்டாவும் எப்படி எழுதுவது? லிஃப்ட் செலவுக்கும் பைலா திருத்தத்துக்கும் ஓட்டெடுப்பு வேண்டும். பாதிப் பேர் வெளியூரில்.”

நானும் இதே ஊரில், 24 வீடுள்ள ஒரு கட்டடத்தில் செயலாளராக இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். நான் அனுப்பிய முதல் அறிவிப்பின் அஜெண்டா இப்படி இருந்தது: “1. வரவு செலவு. 2. லிஃப்ட் குறித்து விவாதித்தல். 3. பைலா. 4. இதர.” கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னால் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டதோடு சரி.

பதினோரு பேர் வந்தார்கள். லிஃப்டை மாற்றலாம், வீட்டுக்கு இருபதாயிரம் என்று கை தூக்கினார்கள். மறுவாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் போட்டார். “விவாதிக்கப்போறீங்கன்னுதானே போட்டிருந்தீங்க, என்கிட்ட பணம் கேக்கப்போறீங்கன்னு எங்க போட்டிருந்தீங்க?” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கேட்டது நியாயம். வராதவனையும் ஒரு தீர்மானம் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், என்ன முடிவாகப்போகிறது என்பது அறிவிப்பிலேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு வராமல் இருந்தால் அது அவன் முடிவு. படித்தும் தெரியாதபடி நாம் எழுதியிருந்தால் அது நம் தப்பு.

அதனால் ‘விவாதித்தல்’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். ஆம், இல்லை என்று ஓட்டுப் போடக்கூடிய முழு வாக்கியமாகத் தீர்மானத்தை அறிவிப்பிலேயே எழுதுங்கள். இரண்டாம் முறை நான் எழுதியது இது:

“தீர்மானம் 4(அ): கட்டடத்தின் லிஃப்டுக்கு கன்ட்ரோலர், கயிறு, கதவு மோட்டார் ஆகியவற்றை வரி உட்பட ரூ. 6,40,000-க்கு மேற்படாமல் புதிதாக மாற்றவும், அதில் ரூ. 1,60,000-ஐ கார்ப்பஸ் நிதியிலிருந்து எடுக்கவும், மீதியைப் பகிரும் முறை இக்கூட்டத்தில் முடிவான பின் செயலாளரும் பொருளாளரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்கிறது.

தீர்மானம் 4(ஆ): மீதி ரூ. 4,80,000-ஐ சதுரடிக்கு ரூ. 20 வீதம் உரிமையாளர்களிடம் இரண்டு தவணைகளில் வசூலிக்கலாம்.

தீர்மானம் 4(இ): 4(ஆ) தோற்றால் மட்டும், அதே தொகையை வீட்டுக்கு ரூ. 20,000 வீதம் சமமாக வசூலிக்கலாம்.”

ஏன் மூன்றாகப் பிரித்தேன்? முதல் கூட்டத்தில் தகராறு லிஃப்டைப் பற்றியதே அல்ல, பங்கைப் பற்றியது. எங்களிடம் 850 சதுரடியில் 12 வீடு, 1,150 சதுரடியில் 12 வீடு, ஆக 24,000 சதுரடி. சதுரடிக் கணக்கில் சின்ன வீட்டுக்கு 17,000, பெரிய வீட்டுக்கு 23,000. சமமாகப் போட்டால் எல்லோருக்கும் 20,000. இதையெல்லாம் ஒரே தீர்மானமாக வைத்தால், பங்கு பிடிக்காதவர் லிஃப்டையே எதிர்த்து ஓட்டுப் போடுவார். முதலில் வேலை வேண்டுமா என்று கேளுங்கள், பிறகு யார் எவ்வளவு என்று. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: செலவைப் பகிரும் முறையை உங்கள் பைலாவே சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. வேறு முறை வேண்டுமென்றால் முதலில் பைலாவைத் திருத்த வேண்டும். எங்கள் பைலாவில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாம் கூட்டத்தில் ஒருவர், “கோவில் புள்ளி வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டுட்டுப் போவோம்” என்றார். தரைத்தளத்து ஆச்சி விடவில்லை. “புள்ளின்னா அரைப்புள்ளியும் உண்டுல்ல தம்பி? நான் தனியா இருக்கேன், லிஃப்ட்ல கால் வச்சதே இல்ல.” சிரித்தோம். ஆனால் தரைத்தளத்துக்குப் பாதி என்று கூட்டத்தில் வைத்து மாற்ற முடியாது. அங்கே குறைத்தால் மற்றவர்கள் பங்கு அறிவிப்பில் போட்ட தொகையைத் தாண்டிவிடும், வராதவருக்கு அது தெரியாது. மொத்தச் செலவைக் குறைக்கும் திருத்தத்தை ஏற்கலாம், யாருடைய சுமையையும் கூட்டும் திருத்தத்தை ஏற்கக்கூடாது. ஆச்சியின் கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கித் தனித் தீர்மானமாக வைத்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

பைலா திருத்தத்துக்கு வருவோம். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது என்றால் இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். குறைந்தது 21 நாள் அறிவிப்பு, அதில் ‘இது சிறப்புத் தீர்மானமாக முன்மொழியப்படும்’ என்ற வாசகம், வந்திருப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, இவை மூன்றும் சேர வேண்டும். 16 வீட்டார் வந்திருந்தால் 12 ஓட்டு. ஓட்டுப் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரும் அந்த 16-இல் சேர்த்தி, ஆகவே அவர் மௌனம் எதிர்ப்புக்குச் சமம். பழைய வாசகம், புதிய வாசகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடியுங்கள். நிறைவேறியபின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

நாள் எண்ணுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அனுப்பும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட்டுவிட்டு எண்ணினால் பிற்பாடு வம்பு வராது. ஜூன் 8 கூட்டம் என்றால் மே 17-க்குள் அனுப்பியாக வேண்டும். நான் 15-ஆம் தேதியே உள்ளூர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன், வெளியூருக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும். முகூர்த்த நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் அன்றைக்குக் கூட்டம் போட்டால், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், அதாவது கோரம், கல்யாண வீட்டுப் பந்தியில்தான் இருக்கும்.

அடுத்து, யாருக்கு ஓட்டு? எங்கள் பைலாவில் வீட்டுக்கு ஒரு ஓட்டு, வாடகைக்கு இருப்பவருக்குக் கிடையாது. சிக்கல் வந்தது, அப்பச்சி காலமாகி மகன்கள் மூன்று பேரும் பேர் மாற்றாமல் வைத்திருந்த வீட்டில். மூத்தவர் ஆதரவு, இரண்டாமவர் எதிர்ப்பு. வாரிசுகள் ஒருவரை நியமித்து எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் தந்தால்தான் அந்த வீட்டுக்கு ஓட்டு என்று அடுத்த அறிவிப்பிலேயே போட்டுவிட்டேன். வராதவர் சார்பில் வேறொருவர் வந்து ஓட்டுப் போடும் ப்ராக்ஸி முறை உங்கள் பைலாவில் இருந்தால் மட்டுமே செல்லும். இருந்தால் படிவத்தை அறிவிப்போடு இணையுங்கள். அதில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டம் வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர் தன் ஓட்டைத் தானே சொல்லிவிடுவார், அவர் மச்சான் சொந்தமாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

கோரம் இல்லாவிட்டால் அரை மணி காத்திருப்பதா, வேறு நாள் குறிப்பதா என்பதற்கு உங்கள் பைலா வாசகத்தை அப்படியே அறிவிப்பின் அடியில் எழுதுங்கள். மூன்று லிஃப்ட் கொட்டேஷன்களின் நகலும் தணிக்கை செய்த கணக்கும் இணைப்பாகப் போகட்டும்.

கடைசியில் வரும் ‘தலைவர் அனுமதியுடன் இதர’ என்ற வரியை நான் எடுத்துவிடவில்லை, பக்கத்தில் ‘பேச மட்டும், ஓட்டெடுப்பு இல்லை’ என்று சேர்த்துவிட்டேன். முதல் கூட்டத்தில் அந்த வரியின் கீழ்தான் ஒருவர் எழுந்து, செயலாளரை மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.