அம்மாவின் 60: நாற்பது நினைவில் எதை எடுப்பது?

"அம்மாவுக்கு அடுத்த மாதம் 60 வயது. அவருக்குத் தெரியாமல் வீடியோ தயார் செய்கிறோம். அண்ணன், தங்கை, சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது நினைவுகள் தலையும் வாலும் இல்லாமல் கிடக்கின்றன. அப்பா இப்போது இல்லை. ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது?"
– வாசகி, பல்லடம்

மூன்று நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 சொல் போகும். மொத்தம் 240 சொல்லில் நான்கைந்து நினைவுதான் அடங்கும்.

"பாசமானவர்", "எங்களுக்காகவே வாழ்ந்தார்" போன்ற வரிகளை முதலில் அடித்துவிடுங்கள். அவை எந்த அம்மாவுக்கும் பொருந்தும். மீதியில் எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது? நீங்கள் அனுப்பிய பட்டியலில் தூக்குப்போசி நான்கு இடத்தில் இருக்கிறது. தறிக் கொட்டகையில் இருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனது, பஸ்ஸில் மூடி கழன்று அரிசிம்பருப்பு சாதம் கொட்டியது, அண்ணனின் ஹாஸ்டல் வாசலில் காத்து நின்றது, இப்போது பேத்திக்கு ரசம் கொண்டுவருவது. ஸ்கிரிப்ட் இந்த நான்குதான். வீடு கட்டியது, ஊட்டி போனது எல்லாம் வேண்டாம்.

வருட வரிசையில் போகாமல் பஸ்ஸில் ஆரம்பியுங்கள். "ஏனுங்கம்மா, பஸ்ஸுல போசி மூடி கழண்டுச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று தங்கை கேட்கட்டும். அந்த நினைவு யாருடையதோ அவரே, வீட்டில் பேசுகிற மாதிரியே பேச வேண்டும். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் கண் கீழே போகும், குரல் மேடைப் பேச்சாகிவிடும்.

ஸ்டுடியோ பேக்கேஜ் பக்கம் மட்டும் போகாதீர்கள். "ஸ்கிரிப்டும் நாங்களே தருகிறோம்" என்பார்கள். போன வாரம் இன்னொரு அம்மாவுக்கு ஓடியதில் பெயரை மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான். பழைய ஆல்பத்தையும் கொடுத்து அனுப்பாதீர்கள். நான் ஒரு இடத்தில் கொடுத்த ஆறு படங்களில் இரண்டு திரும்பி வரவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. மண்டபத்தில் விழா என்றால், "எங்கள் ஆளின் திரையில்தான் போடணும்" என்று அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். இருபது பேர் பார்க்க வீட்டு டிவியும் ஒரு பென்டிரைவும் போதாதா? எத்தனை குடும்பம் இப்படி வீணாகச் செலவு செய்கிறது!

அப்புறம், அப்பா. இதில் அவசரம் வேண்டாம். மாலை போட்ட படத்தைக் கடைசியில் வைத்து சோக இசை போடுவதுதான் வழக்கம். அம்மா அழுதுகொண்டே கேக் வெட்டுவார். அப்பாவை நடுவில், தறிக் கொட்டகை நினைவில் வையுங்கள். சிரிக்கிற படமாக, மாலை இல்லாததாக, ஐந்து விநாடி போதும். குரல் பதிவு இருந்தாலும் விழாவில் போட வேண்டாம். எதிர்பாராமல் அந்தக் குரலைக் கேட்டால், இத்தனை பேர் நடுவில் அவரால் தாங்க முடியாது. அதைத் தனியாக எடுத்து வைத்து, எல்லாரும் கிளம்பிய பிறகு, கேட்கிறீர்களா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீடியோ ஓடும்போது சித்தியை அம்மா பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கடைசிக் காட்சியில் பேத்தி அந்தத் தூக்குப்போசியைத் திறக்கட்டும்.