டெலிவரிக்காக வாங்கிய எண்ணுக்குச் சலுகைச் செய்தி அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் ஆன்லைனில் பைகள் விற்கிறோம். செக்அவுட்டில் போன் நம்பர் கட்டாயம். மூன்று வருடத்தில் சுமார் 6,000 எண்கள் சேர்ந்துவிட்டன; வாங்கியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளுபடி அறிவிப்பு அனுப்பலாமா? எண்களை விளம்பரத் தளத்தில் ஏற்றி அவர்களுக்கே விளம்பரம் காட்டலாமா? ‘ஆர்டர் செய்வதன் மூலம் எங்கள் தனியுரிமைக் கொள்கையை ஏற்கிறீர்கள்’ என்று பட்டனுக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறோம். அது போதாதா?

பதில்: போதாது. டெலிவரிக்கு அந்த எண்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தள்ளுபடி அறிவிப்பு அனுப்ப, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் விஷயத்தில் உங்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத் தளத்தில் ஏற்றுவது அதைவிடச் சிக்கலானது.

எண் உங்கள் கையில் இருப்பது வேறு, அதை வைத்து என்ன செய்யலாம் என்பது வேறு. தனிநபர் தரவுச் சட்டங்கள் பலவும் எதற்காகக் கேட்டீர்கள் என்றுதான் முதலில் பார்க்கின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு பெண் மருந்துக் கடையில் பொருள் வாங்குகிறார். பணம் செலுத்தியதற்கு ரசீதைப் போனுக்கு அனுப்பச் சொல்லித் தன் விவரத்தைத் தானாகவே தருகிறார். கடை அந்த எண்ணை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. உதாரணம் அத்தோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆரும் 5ஆம் பிரிவில் இதையே கொள்கையாக வைத்திருக்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சேகரித்ததை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குத் திருப்பக் கூடாது.

உங்கள் கடையில் வந்த ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். எண் 4471 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் ஆர்டர் 4471 அனுப்பப்பட்டது’ என்று செய்தி போகிறது. பிரச்சினை இல்லை. கூரியர் நிறுவனத்துக்கு எண்ணைக் கொடுக்கிறீர்கள். அதுவும் சரி, ஆனால் அவர்கள் அந்தப் பொதியைச் சேர்ப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, கூரியர் ஆள் அழைத்துக் கேட்கிறார். சரி. பையின் ஜிப்பில் குறை இருப்பது பிறகு தெரியவருகிறது, வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்கிறீர்கள். அதுவும் சரிதான். இவை எதற்கும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் விற்பனையை ஒழுங்காக முடிப்பதற்கு இவை தேவை.

இப்போது அதே முதல் செய்தியைக் கொஞ்சம் மாற்றுகிறோம்: ‘உங்கள் ஆர்டர் 4471 அனுப்பப்பட்டது. அடுத்த பைக்கு 10% தள்ளுபடி, இங்கே அழுத்துங்கள்.’ ஒரே ஒரு வாக்கியம்தான் கூடியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் முழுச் செய்தியும் விளம்பரமாகிவிடுகிறது, விளம்பரத்துக்கு உரிய எல்லா விதிகளும் அதற்குப் பொருந்தும். நான் பார்த்தவரை கடைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெம்ப்ளேட்டை எழுதுபவர் மார்க்கெட்டிங் பிரிவில் இருப்பார், ‘போகிற செய்திதானே, ஒரு வரி சேர்த்தால் என்ன’ என்று நினைப்பார். உங்கள் டெலிவரி டெம்ப்ளேட்டுகளை இன்றே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அப்படியானால் சம்மதம் வாங்காமல் விளம்பரம் அனுப்பவே முடியாதா? ஐரோப்பாவில் ஒரு குறுகிய வழி உண்டு. 2002ஆம் ஆண்டு இ-பிரைவசி நெறிமுறையின் 13ஆம் பிரிவு அதைத் தருகிறது. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு விதிகளிலும் அது இருக்கிறது. ஒருவரிடம் பொருள் விற்கும்போது அவரே கொடுத்த தொடர்பு விவரத்துக்கு, அதே கடை, அதே மாதிரியான தன் சொந்தப் பொருள்களைப் பற்றி, மின்னஞ்சலோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்பலாம். ஆனால் ஒரு நிபந்தனை: எண்ணை வாங்கும் அந்த நேரத்திலேயே ‘எனக்கு அனுப்ப வேண்டாம்’ என்று மறுக்கும் வசதியைத் தெளிவாக, செலவில்லாமல் தந்திருக்க வேண்டும். பின்னர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் அது இருக்க வேண்டும்.

உங்கள் செக்அவுட்டில் அந்த வசதி இருந்ததா? நீங்கள் சொன்னதில் இல்லை. பட்டனுக்குக் கீழே இருந்த வரி ‘ஏற்கிறீர்கள்’ என்கிறது; மறுக்க வழி தரவில்லை. எனவே அந்த வழி உங்கள் பழைய பட்டியலுக்குத் திறக்காது. அந்த வரியைச் சம்மதமாகவும் காட்ட முடியாது. சம்மதம் என்றால் எதற்கென்று குறிப்பிட்டுக் கேட்டு, வாங்குபவர் தானாகவே ஒரு செயலால் காட்டியதாக இருக்க வேண்டும். பை வாங்க அந்தப் பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்னும்போது, அழுத்தியது பைக்காகவா விளம்பரத்துக்காகவா என்று யாரால் சொல்ல முடியும்? செக்அவுட்டைப் பாதியில் விட்டுப் போனவர்களின் எண்கள் பட்டியலில் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் எதையும் வாங்கவே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளர்களைத் தனியே பிரித்து வையுங்கள். அங்கே 1991ஆம் ஆண்டு தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விதியை மீறி வந்த ஒவ்வொரு செய்திக்கும் 500 டாலர் கேட்டு, செய்தி பெற்றவரே வழக்குப் போடலாம். தெரிந்தே மீறியதாக நிரூபணமானால் 1,500 வரை போகும். உங்கள் 6,000 பேரில் 300 பேர் அங்கே இருந்து, ஒரே ஒரு செய்தி போனாலும் கணக்கு 1,50,000 டாலரில் தொடங்குகிறது. தானியங்கி விளம்பரச் செய்திகளுக்கு அங்கே எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைப் பொருள் வாங்குவதற்கு நிபந்தனையாக வைக்கவும் கூடாது. இந்தியாவில் எஸ்எம்எஸ்ஸுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியே இருக்கின்றன. அனுப்புபவர் பதிவு, டெம்ப்ளேட் பதிவு, வாடிக்கையாளரின் விருப்பப் பதிவு எல்லாம் அதில் அடங்கும். எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்வதில் உங்கள் அலுவலகம் இருக்கும் இடம் மட்டுமல்ல, செய்தி போய்ச் சேரும் ஆள் இருக்கும் இடமும் கணக்கில் வரும்.

அடுத்தது விளம்பரத் தளம். ‘நாங்கள் எண்ணை அப்படியே கொடுக்கவில்லை, ஹேஷ் செய்துதான் ஏற்றுகிறோம், அதனால் அது தனிநபர் தரவே இல்லை’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஹேஷ் என்பது எண்ணை நீளமான ஒரு குறியீடாக மாற்றும் கணக்கு. குறியீட்டிலிருந்து எண்ணுக்கு நேராகத் திரும்ப வர முடியாது என்பது உண்மை. ஆனால் பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். எல்லாவற்றுக்கும் குறியீடு போட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்வது இன்றைய கணினிக்குச் சின்ன வேலை. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். அதைவிட எளிய வாதமும் உண்டு. விளம்பரத் தளத்திடம் அவர்கள் பயனர்களின் எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றையும் அதே முறையில் ஹேஷ் செய்து, உங்கள் குறியீட்டோடு பொருத்தி, இந்த ஆள்தான் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தச் சேவையின் வேலையே. ஆளைக் கண்டுபிடிக்கப் பயன்படுவதை ஆளை அடையாளம் காட்டாத தரவு என்று எப்படிச் சொல்வது?

ஜெர்மனியின் பவேரியாவில் ஓர் ஆன்லைன் கடை இதே வாதத்தை வைத்தது. அது ஏற்றியது போன் எண் அல்ல, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, ஹேஷ் செய்து, ஃபேஸ்புக்கில். சம்மதம் இல்லாமல் இது கூடாது, ஏற்றியதை நீக்கு என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். 2018இல் நிர்வாக நீதிமன்றங்களும் அதை ஏற்றன. இதற்கு அளவில் பெரிய உதாரணம் ட்விட்டர். 2013 முதல் 2019 வரை கணக்கின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரம் குறிவைக்கப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டில், 2022இல் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்பதுதான் அங்கே பிரச்சினை.

சரி, அந்த 6,000 எண்களை என்ன செய்வது? ‘எல்லாருக்கும் ஒரே ஒரு செய்தி அனுப்பிச் சம்மதம் கேட்டுவிடலாமே’ என்றுதான் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். விளம்பரத்துக்குச் சம்மதம் கேட்கும் செய்தியும் விளம்பரம்தான் என்பது பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அலுவலகத்தின் நிலைப்பாடு. ஹோண்டாவின் ஐரோப்பிய நிறுவனம் ‘எங்களிடமிருந்து செய்தி பெற விரும்புகிறீர்களா’ என்று மின்னஞ்சல் அனுப்பியதற்காகவே 2017இல் 13,000 பவுண்டு அபராதம் கட்டியது.

பழைய வாடிக்கையாளர் அவராகவே வரும் இடத்தில் கேளுங்கள். அவர் அடுத்த முறை உள்நுழையும்போது, ஆர்டர் நிலையைப் பார்க்கும் பக்கத்தில், பொதிக்குள் வைக்கும் அட்டையில். செக்அவுட்டில், எண் கேட்கும் கட்டத்துக்கு அடியிலேயே ‘டெலிவரி தகவலுக்கு மட்டும்’ என்று போடுங்கள். அதற்குக் கீழே, டிக் செய்யப்படாத தனிப் பெட்டி ஒன்று: ‘புதிய பைகள், தள்ளுபடிகள் பற்றி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.’ விளம்பரத் தளத்தில் பொருத்திப் பார்ப்பதற்கு இன்னொரு பெட்டி வேண்டும், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். டிக் செய்யாதவருக்கும் பை விற்க வேண்டும். யார், எந்த நாளில், எந்த வாசகத்துக்கு டிக் செய்தார் என்பதைப் பதிந்து வையுங்கள். வாசகத்தை மாற்றினால் பழையதையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஓர் இலக்கம் தவறிப்போனால் முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்தி போகும். அவர் சம்மதிக்கவே இல்லை. அதனால் சம்மதம் தந்த எண்ணை ஓடிபி அனுப்பி ஒருமுறை உறுதி செய்வது நல்லது.

பலரும் தலைகீழாகச் செய்யும் ஒன்று இருக்கிறது. ‘நிறுத்துங்கள்’ என்று ஒருவர் பதில் அனுப்பினால், அவர் எண்ணை விளம்பரப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அவரே மறுபடி ஒரு பை வாங்குவார், எண் புதிதாக உள்ளே வரும், தள்ளுபடிச் செய்தியும் போகும். எனவே மறுத்தவர்களின் எண்களைத் தனிப் பட்டியலாக, அனுப்பக் கூடாது என்பதற்காக மட்டும், வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், எந்தக் கருவி வழியாக அனுப்பினாலும்.