ஒரு மோட்டாரைக் காப்பாற்றிக் காட்டுங்கள்

பொருள்களைச் செய்து பார்க்கும் இந்த மாணவர் மன்றத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. பையன் ட்ரிபிள்-ஈ இரண்டாம் ஆண்டு, சி.ஜி.பி.ஏ. 7.8. "ஒன்பதைத் தாண்டலேன்னா வேலையே இல்லைன்னு மாமா சொல்றாருங்க. ஒன்றரை லட்சம் கட்டினா வேலை உறுதின்னு ஒரு சாஃப்ட்வேர் கோர்ஸ் இருக்காம்" என்று அம்மா கண்கலங்கினார். பையன் வாயே திறக்கவில்லை. பயப்படாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்றேன். நகையை அடகு வைத்து எந்தக் கோர்ஸிலும் சேர்க்காதீர்கள். விளம்பரத்தில் 'வேலை உறுதி' என்று இருக்கும். கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மாமா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல கம்பெனிகள் 60 சதவீதம் கேட்கின்றன, அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. அதைக் காப்பாற்றுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் உயிரை விடுவதைவிட, அந்த நேரத்தில் ஒரு பொருளைச் செய்து முடிப்பது நல்லது.

அந்தப் பையனிடம் தனியாகப் பேசினேன். வீட்டு போர்வெல் மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கடைக்கு அவன்தான் தூக்கிக்கொண்டு போவானாம். கடைக்காரர் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம். அவன் மனம் எங்கே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஒரு பெட்டியைச் செய் என்றேன். கடையில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான், ஆனால் வாங்கினால் எதுவும் கற்க முடியாது.

நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. கிணறு வற்றினால் பம்புக்குத் தள்ள எதுவும் இல்லை. சுமை குறைவதால் அது இழுக்கும் கரண்ட்டும் குறைகிறது. அந்தக் குறைவை அளந்து பிடிப்பதுதான் வேலை. கம்பியை அறுக்காமல் மேலே கவ்விக் கரண்ட்டை அளக்கும் SCT-013 சென்சார், அந்த அளவைப் படித்து முடிவெடுக்க ஆர்டுயினோ என்ற சிறு புரோகிராம் போர்டு, அது இயக்கும் சின்ன சுவிட்சாக ஒரு ரிலே, மோட்டாரின் கரண்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்சாக ஒரு கான்டாக்டர், இவ்வளவுதான் பெரிய சாமான்கள். ரிலேயில் நேரடியாக மோட்டாரை மாட்டாதீர்கள், ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும்.

முதல் நாள் அளவு பூஜ்யம் காட்டும். பலர் சென்சாரை மொத்தக் கேபிளின் மேலும் கவ்வ விட்டிருப்பார்கள். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும். அந்த சென்சாரில் 100 ஆம்பியர் வகை இருக்கிறது, ஒரு எச்.பி. மோட்டார் இழுப்பதோ ஏழெட்டு ஆம்பியர், அதனால் அளவு ஆடும். கம்பியைச் சென்சாரின் வளையத்துக்குள் மூன்று சுற்று விட்டால் அளவு மூன்று மடங்காகும், கணக்கில் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், தண்ணீர் ஏறவும் நேரமாகும். முதல் சில வினாடிகளின் அளவைப் பார்க்கவே கூடாது. கான்டாக்டர் விடுபடும் நொடியில் ஆர்டுயினோ ரீசெட் ஆகும், திரையில் கிறுக்கல் ஓடும். புரோகிராமில் தப்பு என்று இரண்டு வாரம் தேடுபவர்கள் உண்டு. காரணம் கான்டாக்டரின் காயில் கிளப்பும் மின்னழுத்த உதைப்பு. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 வகை கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் நாட்களில் ஓடவிட்டு, அளவுகளை நோட்டில் எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்டர்வியூவில் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். "முதல் சில வினாடிகளை ஏன் விட்டாய்?" என்று கேட்டால் அனுபவத்திலிருந்து பதில் வரும். கடைசி ஆண்டில் புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியவரால் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. அப்படி வாங்கிய புராஜெக்ட்டை இந்த மன்றம் ஏற்கக் கூடாது என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு மோட்டார் பிடிக்காமல் தையலோ கணக்கோ பிடித்தால் அதிலேயே செய்யட்டும். இதைச் செய் என்று என் பேச்சைக் காட்டி வற்புறுத்தாதீர்கள்.

230 வோல்ட்டைத் தொடும் எந்த வேலையையும் லேப் ஆசிரியரோ எலக்ட்ரீஷியனோ பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. சனிக்கிழமை முதல் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தெருவில் அடிக்கடி பழுதாகும் ஒரு பொருளின் பெயரையும், அதைச் சரிசெய்பவர் சொல்லும் காரணத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.