உயில் வாசிக்கும் காட்சியில் ரகசியத்தை எங்கே வைப்பது?

கேள்வி: குடும்ப நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கூடியிருக்கும்போது உயில் வாசிக்கப்பட்டு ஒரு பழைய ரகசியம் வெளிவர வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் அந்தக் காட்சி செயற்கையாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

நீங்களும் இறந்தவரை நிறையப் பேச வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் முதல் நாடகத்தில் நான் செய்த தவறு அதுதான். அந்த இரவு இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த நாடகத்தில் குடும்பத் தலைவர் இறந்த பிறகு மனைவி, மகன், மகள், மனைவியின் அண்ணன் ஆகியோர் ஓர் அறையில் அமர்ந்திருக்க, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற நண்பர் அதை வாசிப்பார். தனக்கு வேறொரு பெண்ணிடம் ஒரு மகள் இருப்பதை இறந்தவர் உயிலில் நான்கு பக்கங்களுக்கு எழுதி, காரணம் சொல்லி, மன்னிப்பும் கேட்டிருப்பார். எழுதும்போது நான் அழுதேன். மேடையிலோ வாசிப்பு ஒன்பது நிமிடம் நீண்டது. ஐந்தாவது நிமிடத்தில் பார்வையாளர்கள் இருமத் தொடங்கினார்கள். முடிந்ததும் முதிய பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவர் பேசிக்கொண்டே இருந்தார், இருந்தவர்கள் வாயே திறக்கவில்லையே அப்பா" என்றார். அவர் குறை சொல்லவில்லை, வருத்தப்பட்டார். அதனாலேயே அது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான உயில்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். "சுய நினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்" என்று தொடங்குவார்கள், முன்பு எழுதிய உயில்களை ரத்து செய்வார்கள், நிறைவேற்றுபவரை நியமிப்பார்கள், இன்னாருக்கு இன்னது என்பார்கள், எஞ்சியது யாருக்கு என்று முடித்து, தேதியிட்டுக் கையெழுத்திடுவார்கள், அதன் கீழே சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். தன்னை விளக்கிக்கொள்ள அங்கே யாரும் முயல்வதில்லை. சொத்து தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பெறுகிறவரை அடையாளம் காட்ட ஓரிரு சொற்கள் எழுதுவார்கள், அவ்வளவுதான். அந்த ஓரிரு சொற்களில்தான் ரகசியத்தை வைக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாம் உறவை முதலில் சொல்லிப் பெயரைப் பிறகு சொல்கிறோம். திருத்திய வடிவத்தில் வாசிப்பவர் "என் மகள்" என்றதும், அறையில் இருக்கும் மகள் தன் பெயர்தான் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவாள். அடுத்து வருவதோ யாரும் கேட்டறியாத ஒரு பெயர். வாசிப்பவர் அங்கே நிறுத்தாமல் வீட்டின் விவரத்தை அதே குரலில் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மகள் மட்டும் நிமிர்ந்தபடியே இருப்பாள். நான்கு பக்க மன்னிப்பால் நடக்காதது அந்த ஒரு பெயரால் நடந்தது.

ஆனால் இது பாதிதான். ரகசியம் இறந்தவருடையது, அவரிடம் இனி எவரும் சண்டை போட முடியாது. இருப்பவர்களில் யாருக்கு இது முன்பே தெரியும் என்ற கேள்வி எழுந்தால்தான் அடுத்த காட்சி பிறக்கும். அதற்கான விடையை உயிலின் கடைசிப் பகுதியான சாட்சிக் கையெழுத்துகளில் வைத்தேன்.

இங்கிலாந்தின் 1837 ஆம் ஆண்டு உயில் சட்டமும், இந்தியாவின் 1925 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் பொதுவாக இரண்டு சாட்சிகளைக் கேட்கின்றன. எழுதியவர் கையெழுத்திட்டதற்கே அவர்கள் சாட்சி. உயிலின் உள்ளே இருப்பதை அவர்கள் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஒரு விதி நாடகம் எழுதுகிறவனுக்கு எத்தனை பெரிய கொடை என்பதைப் பாருங்கள். மனைவி அழவில்லை. "தேதியை இன்னொரு முறை வாசியுங்கள்" என்கிறாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. "சாட்சி யார்?" என்று கேட்கிறாள். வாசிப்பவர் தயங்கி, அவளுடைய அண்ணனின் பெயரைச் சொல்கிறார். அண்ணன் அதே அறையில், அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறார்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமா?"

"மாப்பிள்ளை கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை, அம்மா."

சட்டப்படி அந்தப் பதில் நிற்கும். தங்கையின் மனத்தில் அது நிற்குமா என்பதே பிற்பாதி முழுவதும். அவர் பொய் சொல்லவில்லை என்று நம்ப அவள் ஒவ்வொரு காட்சியிலும் முயல்கிறாள். பதினான்கு ஆண்டுகளில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். புதிய வாசிப்புக்கு மூன்று நிமிடமே ஆனது. அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள்.

சட்டம் அறிந்தவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: குடும்பத்தைக் கூட்டி வைத்து உயிலை உரக்க வாசித்தாக வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் எதுவும் சொல்லவில்லை, உரியவர்களுக்குப் படி கொடுத்தாலே போதும். முழுக்கச் சரி. ஆனால் தடையும் இல்லை. எனவே கூடுவதற்கான காரணத்தைக் கதையே தர வேண்டும். என் நாடகத்தில், மகனும் மகளும் ஒருவரை ஒருவர் நம்பாததால், ஒருவருக்கு முன்னால் மற்றவருக்குச் சொன்னேன் என்ற பழி தன்மேல் விழக் கூடாது என்று நண்பர் எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைத் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டால் பார்வையாளர் அதற்குமேல் கேட்பதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அண்ணனுக்கு உயிலில் எதுவும் எழுதி வைக்காதீர்கள். பல நாட்டுச் சட்டங்களில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கு எழுதி வைத்த பங்கு செல்லாமல் போய்விடும். தவிர, அவருக்கு ஏதாவது கிடைத்துவிட்டால் ஆதாயத்துக்காக மௌனம் காத்தார் என்று எளிதில் முடிவு கட்டிவிடுவார்கள். ஒன்றும் பெறாதவர் ஏன் மறைத்தார் என்பதுதான் வலிக்கும் கேள்வி.

இதை உணர்ச்சி மிகுந்த பழைய பாணி என்று தள்ளிவிடுகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பிறகு இந்த நாடகத்தை மேடையேற்றிய ஒரு குழு, என்னைக் கேட்காமலேயே வாசிப்பவரின் குரலை நடுங்க வைத்து, அந்தப் பெயர் வரும் இடத்தில் இசையும் சேர்த்தது. பார்வையாளர்கள் மகளைப் பார்க்காமல் வாசிப்பவரையே பார்த்தார்கள். வாசிப்பவர் வருத்தம் காட்டினால் அறையில் உள்ளவர்கள் வருத்தப்பட இடமே இருக்காது. அவருக்கு அந்தத் தாள் ஒரு பொறுப்பு. எழுத்துப் பிசகாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கவலையாக இருக்கட்டும்.

உங்கள் பிரதியில் உயிலின் வாசகத்தைத் தனியே எடுத்து எழுதிப் பாருங்கள். "ஏனென்றால்" என்ற சொல் வரும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதில் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு கையெழுத்து இருந்தால் போதும். என் நாடகத்தில் வாசிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மனைவி மேசைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணவர் எழுதியதைப் பார்க்காமல் கடைசித் தாளை மட்டும் எடுத்து, அண்ணனின் கையெழுத்தின் மேல் விரலை வைத்து நெடுநேரம் நிற்பாள். அந்த இடத்துக்கு நான் வசனம் எதுவும் எழுதவில்லை.